மஞ்சள் குச்சி, சிவப்புக் குச்சி

கோல்ஃப் மைதானத்தின் குளங்களையும் ஓடைகளையும் ஒட்டிச் சிறு சிறு குச்சிகள் நட்டிருப்பதைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்போம். சில இடங்களில் மஞ்சள், சில இடங்களில் சிவப்பு. சாலை விளக்கு பார்த்துப் பழகிய நமக்கு உடனே ஒரு கணக்கு தோன்றும்: மஞ்சள் என்றால் கொஞ்சம் ஆபத்து, சிவப்பு என்றால் பெரிய ஆபத்து. கோல்ஃபில் விஷயம் தலைகீழ். சிவப்புதான் ஆட்டக்காரருக்குக் கூடுதலாக ஒரு வழி விடுகிறது, மஞ்சள் அந்த வழியை அடைத்துவிடுகிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஏன் என்று ஒவ்வொரு படியாகப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. டீ என்கிற தொடக்க மேடையிலிருந்து அடித்து, தூரத்தில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் பந்தைப் போட வேண்டும். எத்தனை அடியில் போடுகிறோம் என்பதுதான் கணக்கு, குறைவாக அடித்தவர் ஜெயிப்பார். குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிவிட்ட புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். டீக்கும் கிரீனுக்கும் நடுவில் பந்தை விழுங்கக்கூடிய இடங்கள் இருக்கும். குச்சி நட்டு அடையாளம் வைத்த அந்த இடங்களைத்தான் பெனால்டி ஏரியா என்கிறார்கள். அதிலிருந்து பந்தை வெளியே கொண்டுவந்து ஆடினால் கணக்கில் ஓர் அடி கூடும், அதுதான் பெனால்டி.

இந்தப் பெயர் 2019-இல் வந்தது. கோல்ஃப் விதிகளை எழுதும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. என்ற இரண்டு அமைப்புகளும் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தை மொத்தமாகத் திருத்தின. அதற்கு முன் மஞ்சளுக்கு வாட்டர் ஹஸார்ட், சிவப்புக்கு லேட்டரல் வாட்டர் ஹஸார்ட் என்று பெயர். இப்போது இரண்டுக்கும் ஒரே பெயர்தான், நிறம் மட்டும் வேறு. இன்னொரு மாற்றமும் வந்தது. தண்ணீர் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பள்ளத்தாக்கு, முட்புதர்க்காடு, பாலைவன மணல் என்று எதையும் மைதானத்தை நடத்தும் குழு பெனால்டி ஏரியாவாக அறிவிக்கலாம்.

அடுத்து, எல்லை எங்கே இருக்கிறது? தண்ணீர் தொடங்கும் இடத்தில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் எல்லை பெரும்பாலும் கரைமேல் இருக்கும். தரையில் கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டின் வெளி ஓரம்தான் எல்லை, கோடும் ஏரியாவைச் சேர்ந்தது. குச்சி மட்டும் இருந்தால், தரைமட்டத்தில் அந்தக் குச்சிகளின் வெளிப்பக்கத்தை இணைத்தால் கிடைக்கும் நேர்கோடு எல்லை. இரண்டும் இருந்தால் கோடுதான் பேசும், குச்சி தூரத்திலிருந்து அடையாளம் தெரிவதற்கு. பந்தின் ஒரு துளி எல்லையைத் தொட்டாலும் பந்து உள்ளே இருப்பதாகத்தான் அர்த்தம். அதனால் கால் நனையாமல், காய்ந்த புல்மேல் கிடக்கும் பந்துகூட பெனால்டி ஏரியாவுக்குள் இருக்கலாம்.

அப்படிக் காய்ந்த இடத்தில் கிடந்தால் பெனால்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த நிறமானாலும் முதல் வழி ஒன்றுதான்: கிடக்கிற இடத்திலேயே அடித்து வெளியே எடுக்கலாம். 2019-க்குப் பிறகு அங்கே தரையில் மட்டையை ஊன்றலாம், காய்ந்த இலை சருகை விலக்கலாம், எல்லைக் குச்சி இடைஞ்சலாக இருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு அடித்துத் திரும்ப நடலாம். தண்ணீரிலேயே அடித்தவர்களும் உண்டு. 2011-இல் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் மைதானத்தில் நடந்த டூர் சாம்பியன்ஷிப் போட்டியின் சமன்முறி ஆட்டத்தில், ஏரிக்கரையில் பாதி மூழ்கிக் கிடந்த பந்தை பில் ஹாஸ் ஒரு காலைத் தண்ணீரில் வைத்து அடித்தார். பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அந்தக் கோப்பையும் அவருக்கே வந்தது.

ஆனால் எல்லோரும் பில் ஹாஸ் இல்லை. பந்து ஆழத்தில் போய்விட்டால் ஓர் அடியைப் பெனால்டியாகக் கணக்கில் ஏற்றிக்கொண்டு வெளியே ஒரு பந்தைப் போட்டு ஆட வேண்டும். 'டிராப்' என்று சொல்வது இதைத்தான்: பந்தை முழங்கால் உயரத்திலிருந்து நேராகக் கீழே விழவிட வேண்டும். எறியக் கூடாது, உருட்டக் கூடாது, கையால் வைக்கவும் கூடாது. எங்கே நின்று விழவிடுகிறோம் என்பதில்தான் நிறத்தின் வேலை தொடங்குகிறது.

இரண்டு நிறத்துக்கும் பொதுவாக ஒரு வழி உண்டு. கடைசியாக எங்கிருந்து அடித்தோமோ அங்கேயே திரும்பிப் போய் மறுபடி அடிப்பது. டீயிலிருந்து அடித்த பந்து தண்ணீரில் போயிருந்தால் டீக்கே போய் அடிக்கலாம். முதல் அடி ஒன்று, பெனால்டி ஒன்று, இப்போது அடிப்பது மூன்றாவது. போன தூரமும் போச்சு, ஓர் அடியும் போச்சு. யாருக்கும் பிடிக்காத வழி இது. ஆனாலும் இதில் குழப்பம் கிடையாது, பந்து எங்கே விழுந்தது என்ற விவாதமே எழாது. அதனால் இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, குழப்பம் இருக்கிற இடத்துக்குப் போவோம்.

மீதி வழிகள் எல்லாம் ஒரே ஒரு புள்ளியை நம்பி இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லோரும் தப்பாக நினைப்பதும் அந்தப் புள்ளியைத்தான். பந்து தண்ணீரில் விழுந்ததும் நம் கண் எங்கே போகும்? 'பொளக்' என்று தண்ணீர் தெறித்த இடத்துக்கு. அதற்கு நேரே கரைக்குப் போய் அங்கே ஒரு பந்தைப் போட்டு ஆடுவதுதான் நியாயம் என்று தோன்றும். விதிக்கு அந்த இடத்தைப் பற்றிக் கவலையே இல்லை. பந்து ஏரியாவுக்குள் போகும்போது எல்லையைக் கடைசியாக எந்த இடத்தில் கடந்தது என்பதை மட்டும்தான் விதி கேட்கிறது. பந்து காற்றில் பறந்துகொண்டே கடந்திருந்தாலும் சரி, தரையில் உருண்டு கடந்திருந்தாலும் சரி. அதைக் 'கடந்த புள்ளி' என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். டீயிலிருந்து குழி நேர் எதிரே 400 கஜம். ஃபேர்வே என்கிற வெட்டிய புல்பாதைக்கு வலப்பக்கம் நீளவாக்கில் ஒரு குளம், சிவப்புக் குச்சி. ஆட்டக்காரர் அடிக்கிறார். பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைகிறது. டீயிலிருந்து 190 கஜத்தில் குளத்தின் எல்லையை வானத்திலேயே கடக்கிறது. அதன் பிறகும் பறந்து போய் 230 கஜத்தில் தண்ணீரில் விழுகிறது. தண்ணீர் தெறித்த இடத்துக்கு நேரே கரையில் பந்தைப் போட்டால் குழிக்கு இன்னும் சுமார் 170 கஜம்தான். ஆனால் கடந்த புள்ளி 190-இல் இருக்கிறது, அங்கிருந்து குழிக்கு 210 கஜம். 40 கஜம் சும்மா சம்பாதித்துக்கொண்டதாக ஆகும். தப்பான இடத்திலிருந்து ஆடினால் தனிப்பட்ட அடிக்கணக்குப் போட்டியில் மேலும் இரண்டு அடி பெனால்டி, சலுகை பெரிதாக இருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம் வரைக்கும் போகலாம்.

அதனால்தான் நன்றாக ஆடப் பழகியவர்கள் பந்து வளையத் தொடங்கியதுமே தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது எந்த மரத்துக்கு நேரே, எந்தக் குச்சிக்குப் பக்கத்தில் கரையைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். துல்லியமாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. நேர்மையாக யோசித்து ஓர் இடத்தை மதிப்பிட்டால் விதி அதை ஏற்றுக்கொள்ளும்.

புள்ளி கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு நிறத்துக்கும் பொதுவான இன்னொரு வழி: அந்தப் புள்ளிக்குப் பின்னால் போவது. வீடு கட்டும் கொத்தனார் நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, குழியில் ஒரு ஆணி அடித்து நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். நூலை இழுத்துக்கொண்டு வந்து கடந்த புள்ளியைத் தொடும்படி பிடியுங்கள். அப்படியே நேராக, குழிக்கு எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டே போங்கள். ஏரியாவுக்கு வெளியே, அந்த நூல்மேல் எங்கே வேண்டுமானாலும் பந்தை விழவிடலாம். பின்னால் போக எல்லை இல்லை, பத்து கஜமும் போகலாம், நூறு கஜமும் போகலாம்.

இங்கேயும் பழைய குழப்பம் வேறு வேஷத்தில் வரும். பந்து பறந்து வந்த வழியிலேயே பின்னால் போவதுதான் நேர்கோடு என்று பலர் நினைக்கிறார்கள். நூல் குழியிலிருந்து வருகிறது, பந்தின் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் உதாரணத்தில் கடந்த புள்ளி, டீக்கும் குழிக்கும் நடுவே உள்ள நேர்க்கோட்டிலிருந்து 30 கஜம் வலப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலைப் பிடித்து 40 கஜம் பின்னால் போனால், நாம் சுமார் 36 கஜம் வலப்பக்கம் நிற்போம், புதருக்குள்ளேயே போய்க்கொண்டிருப்போம். பந்து வந்த வழியே பின்னால் போனாலோ 24 கஜத்துக்கும் குறைவாகத்தான் வரும், ஃபேர்வே பக்கம் திரும்பியிருப்போம். பின்னால் போகப் போக ஒன்று வெளியே விலகுகிறது, இன்னொன்று உள்ளே வருகிறது. எது ஆட்டக்காரருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை, அதனால்தான் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

விழவிட்ட பந்து சரிவில் உருண்டால் என்ன செய்வது என்பதும் இங்கே வரும். 2023-இலிருந்து விதி எளிமையாகிவிட்டது. நூல்மேல் விழவிட்ட பந்து முதலில் தரையைத் தொட்ட இடத்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, கொஞ்சம் முன்னால் உருண்டிருந்தாலும் பரவாயில்லை. மட்டை நீளம் என்றால் பையில் இருப்பதிலேயே நீளமான மட்டை, கிரீனில் உருட்டும் பட்டரை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. அது பெரும்பாலும் டிரைவர்தான், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரே இந்த இரண்டு வழிகளையும் கலந்துவிட்ட கதை ஒன்று உண்டு. 2013 மாஸ்டர்ஸ் போட்டி, ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நேஷனல் மைதானம், இரண்டாம் நாள், 15-ஆவது குழி. கிரீனுக்கு முன்னால் குளம். டைகர் வுட்ஸ் மூன்றாவது அடியை அற்புதமாக அடித்தார், பந்து கொடிக்கம்பத்திலேயே பட்டது. அதுதான் துரதிர்ஷ்டம். கம்பத்தில் மோதிய பந்து தெறித்து, இடப்பக்கமாக உருண்டு, முன்னால் இருந்த குளத்துக்குள் போய்விட்டது.

வுட்ஸுக்கு அங்கே என்ன வழிகள் இருந்தன? அந்தக் குழிக்கென்று தனியாக ஒதுக்கிய டிராப் இடம் ஒன்று. கடந்த புள்ளி வழியாக நூல் பிடித்துப் பின்னால் போவது ஒன்று. பந்து இடப்பக்கமாக விலகிப் போய் உள்ளே விழுந்ததால் அந்த நூல் அவர் அடித்த இடத்துக்கு வரவே வராது, பக்கத்தில் எங்கேயோ போகும். மூன்றாவது, அடித்த இடத்துக்கே திரும்பிப் போவது. வுட்ஸ் அடித்த இடத்துக்குத்தான் போனார். ஆனால் அங்கே போட்டால் மறுபடி கொடியில் பட்டுவிடக் கூடாது என்று, சுமார் இரண்டு கஜம் பின்னால் போட்டதாக ஆட்டம் முடிந்த பிறகு பேட்டியில் அவரே சொன்னார்.

'பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்' என்பது நூல் வழிக்கு உரிய சலுகை. அடித்த இடத்துக்குத் திரும்பும் வழிக்கு அது பொருந்தாது. அன்றைய விதிப்படி, அடித்த இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் போட வேண்டும். ஒரு வழியின் இடத்தையும் இன்னொரு வழியின் சலுகையையும் சேர்த்துக்கொண்டது அவர் கணக்கில் இரண்டு அடியாக ஏறியது. அந்தக் குழியில் 6 என்று எழுதியிருந்தது மறுநாள் காலையில் 8 ஆனது. இன்றைய விதியில் அடித்த இடத்திலிருந்து குழிக்கு நெருங்காமல் ஒரு மட்டை நீளம் வரை இடம் உண்டு. ஆனாலும் இரண்டு கஜம் என்றால் 1.8 மீட்டர், டிரைவரின் நீளத்தைத் தாண்டிவிடும். இன்று நடந்திருந்தாலும் அது தப்பான இடம்தான்.

இதுவரை பார்த்த வழிகளில் பெனால்டி உள்ளவை இரண்டு: அடித்த இடத்துக்குப் போவது, நூல் பிடித்துப் பின்னால் போவது. மஞ்சள் குச்சிக்கு இவ்வளவுதான். சிவப்புக் குச்சிக்கு இவை இரண்டோடு மூன்றாவதாக ஒன்று: கடந்த புள்ளிக்குப் பக்கத்திலேயே, இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அந்தப் புள்ளியைவிட நெருங்காமல், ஏரியாவுக்கு வெளியே விழவிடுவது. பக்கவாட்டு நிவாரணம் என்று இதைச் சொல்லலாம். நம் உதாரணக் குளத்தில் ஆட்டக்காரர் 190 கஜப் புள்ளிக்குப் போய், டிரைவரைத் தரையில் இரண்டு முறை வைத்து அளந்து, சுமார் 2.3 மீட்டருக்குள் பந்தை விழவிட்டு, 210 கஜத்திலிருந்து தன் மூன்றாவது அடியை அடிப்பார். புதருக்குள் போக வேண்டாம், டீக்கு நடக்க வேண்டாம்.

சிவப்பு ஏன் இப்படித் தாராளம் காட்டுகிறது? பக்கத்தில் நீளமாக ஓடும் குளத்தை யோசித்துப் பாருங்கள். குழியிலிருந்து பிடித்த நூல் பல சமயம் அந்தக் குளத்துக்குள்ளேயே, அல்லது மைதானத்து வேலிக்கு வெளியேயே போய்க்கொண்டிருக்கும். நூல் வழியில் பந்து போட இடமே கிடைக்காது. அப்போது மிஞ்சுவது அடித்த இடத்துக்குத் திரும்புவது மட்டும்தான், அது ரொம்பக் கடுமை. அந்தக் கடுமையைக் குறைக்க வந்ததுதான் பக்கவாட்டு நிவாரணம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டால் என்ன? பக்கத்துக் குளத்தை விட்டு, கிரீனுக்கு முன்னால் குறுக்கே ஓடும் ஓடைக்கு வருவோம். அங்கே ஆட்டத்தின் சவாலே ஓடையைத் தாண்டி அடிப்பதுதான். ஒருவர் அடிக்கிறார். பந்து ஓடையைத் தாண்டி, கிரீன் பக்கத்துக் கரையில் விழுந்து, சரிவில் பின்னோக்கி உருண்டு தண்ணீருக்குள் போகிறது. கடைசியாக எல்லையைக் கடந்தது எங்கே? கிரீன் பக்கத்தில். குச்சி சிவப்பாக இருந்தால், இரண்டு மட்டை நீளத்தில் கிரீன் பக்கத்துக் கரையிலேயே பந்தைப் போட்டுக்கொண்டு மெல்லத் தட்டிவிடலாம். ஓடையை மறுபடி தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. மஞ்சளாக இருந்தால் அந்த வழி இல்லை. குழியிலிருந்து கடந்த புள்ளி வழியாக நூலைப் பிடித்தால் அது ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம்தான் வந்து சேரும், அங்கிருந்து ஓடையை மறுபடி தாண்டித்தான் ஆக வேண்டும். மைதானக் குழுக்களுக்கான வழிகாட்டி மஞ்சளை எங்கே வைக்கலாம் என்று சொல்லும்போது குறிப்பிடுவதும் இந்த மாதிரி இடத்தைத்தான்.

இங்கே எல்லை கரைமேல் இருப்பதன் முக்கியத்துவம் மறுபடி வருகிறது. பந்து ஓடையின் தண்ணீரைத் தாண்டிவிட்டது, ஆனால் அந்தப் பக்கத்துக் கோட்டுக்குக் கீழே, கரைச்சரிவில் விழுந்து உருண்டது என்றால்? அந்தப் பந்து ஏரியாவை விட்டு வெளியே போகவே இல்லை. அது கடைசியாக எல்லையைக் கடந்தது டீ பக்கத்தில், முதல் முறை உள்ளே வந்தபோதுதான். சிவப்புக் குச்சியாக இருந்தாலும் இரண்டு மட்டை நீளத்தை டீ பக்கத்தில்தான் அளக்க வேண்டும். 'தண்ணீரைத் தாண்டிவிட்டதே' என்ற வாதம் எடுபடாது.

கிரீன் பக்கத்தில் கடந்த புள்ளி கிடைத்தாலும் இடம் தாராளமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குழிக்கு நெருங்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதே. கடந்த புள்ளி குழியிலிருந்து 10 மீட்டரில் இருக்கிறது, எல்லை குழிக்குக் குறுக்கே நேராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டி இடமாகவோ வலமாகவோ 2.3 மீட்டர் நகர்ந்தால் குழிக்கு உள்ள தூரம் 10.26 மீட்டர் ஆகும். அதாவது, அந்த முனையில் பந்து போடக் கிடைக்கும் இடத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண். புள்ளிக்குப் பக்கத்தில் வர வர அதுவும் குறுகிக்கொண்டே வந்து ஒன்றுமில்லாமல் போகும். எல்லை குழியைச் சுற்றி வளைந்து ஓடினால் அந்த ஒரு சாணும் கிடைக்காது. பழைய விதியில் சிவப்பு ஏரியாவுக்கு எதிர்க்கரையில் அதே தூரத்தில் போடும் வழியும் இருந்தது, 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். குழு விரும்பினால் தனி விதியாக அனுமதிக்கலாம்.

ஒரே ஓடை கிரீனுக்கு முன்னால் குறுக்கே வந்து, பிறகு திரும்பிப் பக்கவாட்டில் ஓடினால்? முன்பகுதிக்கு மஞ்சள், திரும்பிய பிறகு சிவப்பு. நிறம் மாறும் இடத்தில் இரண்டு குச்சிகளையும் பக்கம் பக்கமாக நட்டிருப்பார்கள். அப்போதும் பந்து தண்ணீரில் எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. மஞ்சள் எல்லை வழியாக உள்ளே போய், ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போய்ச் சிவப்புப் பகுதியில் கிடந்தாலும் அதற்கு மஞ்சள் விதிதான். எல்லையைக் கடந்த இடத்தின் நிறமே நிறம்.

பந்து கண்ணில் படாவிட்டால் இவ்வளவும் செல்லுமா? உள்ளேதான் போயிற்று என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது கிட்டத்தட்ட நிச்சயமாக இருக்க வேண்டும். குறைந்தது 95 சதவீத உறுதி என்று விதி விளக்கம் சொல்கிறது. தண்ணீர் தெறித்ததைப் பார்த்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் குளத்தைச் சுற்றி எல்லைக்கு வெளியே இடுப்பளவு புல் வளர்ந்திருந்து, பந்து அந்தப் பக்கம் போனது மட்டும் தெரியும் என்றால், பந்து புல்லிலும் இருக்கலாம் அல்லவா? மூன்று நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால், உறுதியும் இல்லாவிட்டால், அது தொலைந்த பந்து. அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான், மஞ்சளோ சிவப்போ உதவிக்கு வராது. எல்லைக்கு வெளியே புல்லைக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் மைதானங்களில் இந்தச் சண்டை குறைவு: வெளியே இருந்தால் பந்து கண்ணில் பட்டிருக்கும், படவில்லை என்றால் உள்ளேதான்.

கடைசியாக, மஞ்சளின் கடுமை எண்ணிக்கையில் எப்படித் தெரியும் என்பதற்கு அகஸ்டாவுக்கே திரும்புவோம். 2016 மாஸ்டர்ஸ், கடைசி நாள். ஜோர்டன் ஸ்பீத் முதல் ஒன்பது குழி முடிந்தபோது ஐந்து அடி முன்னிலையில் இருந்தார். அடுத்த இரண்டு குழிகளில் ஒவ்வோர் அடி நழுவியது. பிறகு 12-ஆவது குழி, 155 கஜம்தான், மூன்று அடியில் முடிக்க வேண்டியது. கிரீனுக்கு முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை. முதல் அடி கரையில் பட்டுப் பின்னோக்கி வந்து ஓடையில் விழுந்தது. அது ஒன்று, பெனால்டியோடு இரண்டு. ஸ்பீத் டீக்குத் திரும்பவில்லை. தனக்குப் பிடித்த தூரம் வேண்டும் என்று பின்னால் வந்து சுமார் 80 கஜத்தில் பந்தைப் போட்டார்.

அதுவரை அவர் எடுத்த முடிவில் விதிப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிடித்த தூரத்திலிருந்தும் ஓடையைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும். மட்டை பந்துக்கு முன்பே தரையில் இறங்கிவிட்டது, பந்து பாதி வழியிலேயே ஓடையில் விழுந்தது. அது மூன்றாவது அடி, பெனால்டியோடு நான்கு. மறுபடி டிராப். ஐந்தாவது அடி ஓடையைத் தாண்டிக் கிரீனுக்குப் பின்னால் மணற்குழிக்குப் போனது. ஆறாவதில் மணலிலிருந்து எடுத்தார், ஏழாவதில் உருட்டிக் குழியில் போட்டார். மூன்றில் முடிக்க வேண்டிய இடத்தில் ஏழு. அந்த ஏழில் இரண்டு அடி மட்டும்தான் பெனால்டி என்று எழுதப்பட்டவை. மீதிச் சேதம், ஓடையை இன்னொரு முறை தாண்ட வேண்டியிருந்ததால் வந்தது. அன்று மாலை கோப்பையை டேனி வில்லெட் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் யாராவது பந்தைத் தண்ணீரில் போட்டால், அவருக்கு முன்பே நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். பந்து கடைசியாக எல்லையை எங்கே கடந்தது? அந்த இடத்துக் குச்சி என்ன நிறம்? குழியிலிருந்து நூல் பிடித்தால் அது எங்கே போய்ச் சேரும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அவர் அடுத்து எங்கெங்கே நிற்க முடியும் என்பது நமக்கே தெரிந்துவிடும். நடுவரை அழைத்து அவர் விசாரித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் நாம் இன்னொரு டீ போட்டுக்கொள்ளலாம்.